முத்தாலம்மாளுக்கு வந்த குறுஞ்செய்தி

கோவளத்தில் மீன் வியாபாரம் செய்யும் முத்தாலம்மாளின் குளிர் அறை நின்றுபோய், ஒரு கூடை வஞ்சிரம் கெட்டுவிட்டது. சூடு ஏறியதுமே அறையின் அலாரம் பெட்டியிலிருந்து அவள் ஈமெயிலுக்கு எச்சரிக்கை போயிருந்ததை, பழுது பார்க்க வந்த குரோம்பேட்டை மெக்கானிக் ஜெயகிருஷ்ணன் காட்டினான்.

"போன் வித்த கடைக்காரன் போட்டுக் குடுத்த ஈமெயிலு அது. நான் எந்தக் காலத்துல அத்தத் தொறந்தேன்? மெசேஜ் வந்தா பாப்பேன்" என்று சீறினாள்.

அவன் அலாரம் பெட்டியில் சிம் போட்டு, அவள் நம்பரைப் பதிந்தான். "இனிமே சூடானா எஸ்எம்எஸ் வரும்க்கா. என்னன்னு எழுதட்டும்?"

செத்துப்போன புருஷன் துலுக்காணம், அந்த நாளில் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாசலிலிருந்து கத்துவார். அதையே சொன்னாள்.

சோதித்துப் பார்க்க அவன் சூட்டை அறியும் சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தான். சற்று நேரத்தில் அவள் போன் ஒலித்தது.

"முத்து, ஐஸ் உருகுது, ஓடியா."

"தோ வந்துகினே கீறேன்யா" என்றாள் போனிடம்.

ஜெயகிருஷ்ணன் தலை நிமிராமல் சென்சாரைப் பழைய இடத்தில் மாட்டினான்.