இரண்டு மணி நேர நாற்காலி

அலுவலகத்தில் அவளுக்குக் 'காலண்டர் அக்கா' என்று பெயர். நேர்காணலுக்கு நாள் குறிப்பது அவள் வேலை. ஒன்பது வருடமாக மேனேஜர்களின் கால் மணி, அரை மணி ஓட்டைகளைத் தேடி அதில் ஆட்களை உட்கார வைக்கிறாள். குதிரைக் கொம்பு கூடக் கிடைத்துவிடும், மேனேஜருக்கு ஒழிந்த மணி கிடைக்காது.

அழைப்பில் மட்டும் அவள் பிசகவே மாட்டாள். செவ்வாய், காலை பத்து. இரண்டாம் மாடி, சிறிய அறை. நேரில், நாற்பது நிமிடம். வரவேற்பில் கணக்குப் பிரிவு மேனேஜரைக் கேட்கவும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கும் அப்படித்தான் அனுப்பியிருந்தாள்.

பதினோரு மணிக்கு மேனேஜரின் குறிப்பு வந்தது: 'வரவில்லை.' வராதவரின் விண்ணப்பத்தை அத்தோடு மூடிவிடுவது வழக்கம்.

பன்னிரண்டு மணிக்கு டீ குடிக்க இறங்கியவள், வரவேற்பில் சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"யாரைப் பார்க்கணும்மா?"

"கணக்கு மேனேஜரை. ஒன்பதே முக்காலுக்கே வந்துட்டேங்க. ரிசப்ஷன்ல இவங்க மூணு தடவை போன் போட்டுட்டாங்க, எடுக்கலையாம். வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

அக்கா மாடிக்கு ஓடி மேனேஜரைக் கைபேசியில் பிடித்தாள். மனிதர் வீட்டில் இருந்தார்.

"லிங்க் இருந்துச்சேம்மா! பத்து நிமிஷம் காத்திருந்தேன்."

மேனேஜருக்கு அனுப்பும் தனி அழைப்பில் வீடியோ இணைப்பை மென்பொருள் தானாகவே ஒட்டிவிடும். இவள் அதை எடுக்க மறந்திருந்தாள். ஆனால் அதற்கு மேல் வரியிலேயே 'நேரில்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"என் மேலயும் தப்பு இருக்கு சார். அவங்க கீழதான் இருக்காங்க. வேற நேரம் குடுங்க."

"வரலைன்னே இருக்கட்டும்மா. மாத்தினா நான் அழைப்பைப் படிக்கலைன்னு ஆயிடும்."

காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு. தன் மானத்துக்கு ஒரு பெண்ணின் பிழைப்பைப் பலி கொடுக்கிற ஆள், மாதக் கூட்டத்தில் மட்டும் நேர்மை பற்றி வாய் கிழியப் பேசுவார். இவர்களுக்கு நேரம் தேடியே தலை நரைத்ததை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

தலைமை அதிகாரிக்கு அவளே எழுதினாள்: இணைப்பை எடுக்காதது என் தவறு, படிக்காதது அவர் தவறு, வரவேற்புப் பதிவேட்டில் ஒன்பது நாற்பத்தைந்து என்று கையெழுத்து இருக்கிறது. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. வியாழன் பத்து மணி, வேறு மேனேஜர்.

வெற்றியோடு கீழே வந்து சொன்னாள். அந்தப் பெண் ஏற்கெனவே எழுந்து கைப்பையை மாட்டியிருந்தாள்.

"வேண்டாங்க்கா. உங்க மேல கோபமில்ல. ரெண்டு மணி நேரம் இங்க உக்காந்ததுல உங்க ஆபீசை நானும் இன்டர்வியூ பண்ணிட்டேன்."