இரண்டு சுமலதா

செஞ்சியில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம். சுமலதா அதற்காகப் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். இப்போது வேறொரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பேரோடு சரி. ஒவ்வொரு ஜூனிலும் வேலை இருக்குமா என்பது தெரியாது. துறைக் கதவில் தன் பேர் போட்ட பலகை, அவ்வளவுதான் அவள் ஆசை. அதைக் கிளப்பிவிட்டவன் புருஷன் எழிலரசன். அவன் செத்துப்போய் மூன்று வருஷம் ஆகிறது. ஆசை போகவில்லை.

சான்றிதழ் சரிபார்ப்பில் கண்காணிப்பாளர் தனசேகரன் விரலால் தடவித் தடவிப் படித்தார்.

"டிகிரிக்கு பத்தொம்போது, எம்.ஏ.வுக்கு இருபத்துமூணு, பிஎச்.டி.க்கு இருபத்தஞ்சு. சர்வீஸ் நாலு வருஷம், எட்டு மார்க்."

"பன்னெண்டு வருஷம் சார். வாரம் பதினாறு மணி நேரம்."

"கிளாஸ் எடுக்கலன்னு யார் சொன்னா? டாக்டரேட் வந்த பிறகுதானே மேடம் உங்களுக்குத் தகுதி. அதுக்கு முந்தி எடுத்தது கணக்குல வராது."

எட்டு வருஷத் தொண்டைத் தண்ணி ஒரு கோட்டில் போயிற்று. அடுத்து கட்டுரைகள். மூன்று, ஆறு மதிப்பெண். அங்கே அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னா மேடம் இது? டிகிரி எல்லாம் ப. சுமலதா. கட்டுரை எழுதுனது எ. சுமலதா. வேற ஆளா?"

ப. என்பது அவளைப் பெற்ற நைனா பச்சமுத்து. பள்ளிச் சான்றிதழில் விழுந்த எழுத்து பட்டங்களில் எல்லாம் தொடர்ந்தது. எ. யாரும் கேட்டு வைத்ததல்ல. பனமலைக்கும் தளவானூருக்கும் அவளைப் பைக்கில் கூட்டிப்போய், கல்வெட்டுக்கு டார்ச் பிடித்த எழிலரசனின் எழுத்து. புதுக் கல்யாண ஆசையில் அவளே போட்டுக்கொண்டது.

"இந்த ஆறு இல்லன்னா நேர்காணல் பட்டியல்ல வரமாட்டீங்க. ரெண்டும் ஒரே ஆள்னு நோட்டரி அபிடவிட் கொண்டாங்க. அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன்."

அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அடைத்திருந்தன. ஆட்டோவை விட்டு இறங்கி, கோர்ட்டுக்கு ஓடினாள். நோட்டரி வக்கீல் திருமணச் சான்றைப் பார்த்தார். டைப் அடித்த பெண் உரக்கப் படித்தாள்: 'ப. சுமலதா, எ. சுமலதா ஆகிய இருவரும் ஒருவரே.'

எழிலரசன் போனதிலிருந்து இருவரும் ஒருவராக இல்லையே என்று சுமலதா சொல்ல நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

நாலே முக்காலுக்குத் தனசேகரன் ஆறைக் கூட்டி எண்பத்தொன்று என்று எழுதினார்.

"நேர்காணலுக்கு வந்துடுவீங்க. வேலை கிடைச்சா ஆர்டர், சர்வீஸ் புக்கு, கதவுல பலகை எல்லாமே ப. சுமலதாதான். இனிமே எங்கயும் எ. போட்டுடாதீங்க மேடம், திரும்பவும் தொல்லை."

"சரி சார்."

"கட்டுரை ஜெராக்ஸ் ஃபைல்ல இருக்கட்டும். ஒரிஜினல எடுத்துக்கங்க."

மூன்று இதழ்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பலகை கிடைத்தால் அவன் படத்துக்குத்தான் முதலில் காட்ட நினைத்திருந்தாள். இப்போது பலகையில் அவன் எழுத்து இல்லை.