இரண்டு முறை கட்டிய பிரீமியம்

பிள்ளைகளே, உங்கள் அம்மா காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு தன் தம்பி கல்யாணத்துக்குப் போன கதையை ஊரில் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான்.

எழுபதுகளில் நான் மரக்காணத்தில் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதினேன். எட்டாவது வரை படித்தவன். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும். வேலையும் இல்லை, முழுச் சம்பளமும் இல்லை. என் பேரில் ஓர் ஆயுள் பாலிசி இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் கணக்கிலிருந்து பிரீமியத்தைக் கட்டிவிடும்படி பேங்கில் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தக் கார்த்திகையில் கணக்கில் பணம் போதவில்லை. கடன் வாங்கிப் போட்டுவிட்டு, அன்றைக்கே உப்புப் படகோடு கால்வாய் வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டேன். பணம் போட்டதை அவசரத்தில் வீட்டில் சொல்லவில்லை.

நான் இல்லாதபோது, பிரீமியம் வரவில்லை, கெடு முடிந்தால் பாலிசி காலாவதியாகிவிடும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. உங்கள் அம்மா கம்மலை அடகு வைத்து, பஸ் ஏறித் திண்டிவனம் போய் ரொக்கமாகக் கட்டிவிட்டாள். திரும்பி வந்த என்னிடம் ரசீதை நீட்டினாள். காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி.

மறுநாள் பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தேன். அவள் கட்டியதற்கு இரண்டு நாள் முந்தியே பேங்கும் கட்டியிருந்தது.

"அப்போ என் கம்மல்?" என்றாள். "தை மாசம் தம்பி கல்யாணம். மூளிக் காதோட நின்னா எங்க வீட்ல உங்களத்தான் கேப்பாங்க."

கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அதிகமாகக் கட்டிய தொகையைத் திருப்பித் தரும்படி விண்ணப்பம் எழுதினேன். இரண்டு கிழித்தெறிந்து மூன்றாவதுதான் தேறியது. பேங்கில் கணக்கு விவரத்தை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். பேங்க் கட்டியதற்கான ரசீது அவர்களுக்கே வந்திருந்தது; அதையும் வாங்கிக்கொண்டேன். உங்கள் அம்மாவும் கூடவே கிளம்பினாள்.

திண்டிவனம் ஆபீசில் கவுண்டர்காரர் எல்லாவற்றையும் பார்த்தார். "ரெண்டு தரம்தான் வந்திருக்குது. இத அடுத்த தவணைக்கு வச்சிக்கலாமே சார்? அலைச்சல் மிச்சம்."

"பணமா வேணுங்க" என்றேன்.

"அப்போ பேங்க் கட்டினதத்தான் பிரீமியமா எடுத்துப்போம். ரொக்கம் கட்டின ரசீத ஒரிஜினலாக் குடுத்துடுங்க. மேலாபீசுக்கு அனுப்பணும்."

உங்கள் அம்மா ரசீதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். முடிச்சை அவிழ்க்கவில்லை.

"குடுக்க மாட்டேன். நாளைக்கு நீ கட்டவே இல்லம்மான்னு சொன்னா நான் எதக் காட்டுறது?"

"ஏம்மா, நான் என்ன ரசீத வடை மடிக்கவா கேக்கிறேன்?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "சீக்கிரம் அவுருமா, பஸ் போயிடும்" என்றார். ரசீதைக் கொடுக்காவிட்டால் பணம் இல்லை. கொடுத்தபின் அது எங்காவது தொலைந்துபோனால், கம்மலை மீட்கும் பணத்தைக் கேட்க எங்கள் கையில் ஒன்றுமே இருக்காது. பொதுவாகப் பேசாத நான், "விண்ணப்பத்துக்கு நகல் வச்சிருக்கேங்க. ரசீத வாங்கிக்கிட்டோம்னு அதுல எழுதி சீல் போட்டுக் குடுங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார். "நம்பரையும் போடுங்க" என்றாள் அவள். போட்டார். அதன் பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

மார்கழி முழுக்கத் தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டபடி இருந்தோம். முதலில் ஒரு படிவம் வந்தது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பொங்கல் போயிற்று. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது செக் வந்தது. குறுக்கே கோடு போட்ட செக். பேங்குக்கு ஓடினேன்.

"கணக்குல போட்டு வெளியூருக்கு அனுப்பித்தான் பணம் வரணும். ஒரு வாரமாவது ஆகுங்க" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் கல்யாணத்துக்குச் சேலையை மடித்து வைத்தாள்.

அவள் பிறந்த ஊரான பெரிய முதலியார்சாவடியில் கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததுமே அவளுடைய பெரிய அண்ணி பிடித்துக்கொண்டாள். "ஏன் நாத்தனாரே, கம்மல் எங்க? உங்க ஊட்டுக்காரரு உப்புக்கு வித்துட்டாரா?"

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உங்கள் அம்மா பைக்குள் கைவிட்டு, சீல் போட்ட அந்த நகலை எடுத்து அண்ணியின் கையில் வைத்தாள். "இந்தாங்க அண்ணி, என் கம்மல். கவர்மெண்டு சீலு போட்டிருக்குது. உங்க கம்மலுக்கு இருக்குதா?"

முதலில் சிரித்தவள் அண்ணிதான். அந்தக் காகிதம் பந்தி முழுக்கக் கை மாறியது. திரும்பி வந்தபோது அதில் சாம்பார்க் கறை இருந்தது.

அடுத்த வாரம் பணம் கணக்கில் ஏறியது. கம்மலை மீட்டுவந்து கொடுத்தேன். குச்சியை எடுத்து எறிந்துவிட்டு, திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னாள்: "இனிமே படகு ஏறுறதுக்கு முன்னாடி வாயத் தொறந்து சொல்லிட்டுப் போங்க."