தமிழ்வாணன் போட்ட இரண்டு நட்சத்திரம்

திருப்புலிவனத்தில் சடையப்பன் ஓட்டிய டிராக்டர் இறங்காத வயல் குறைவு. அவருக்கென்று சொந்த நிலம் கிடையாது, வண்டியும் அடுத்தவருடையது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பக்கவாதம் தள்ளிவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் புரியும். ஒரே மகன் தமிழ்வாணன் பஹ்ரைனில் ஏசி மெக்கானிக். போனில் தேடி, நிறைய நட்சத்திரம் வாங்கியிருந்த முதியோர் இல்லம் ஒன்றை உத்திரமேரூருக்குப் பக்கத்திலேயே பிடித்து, அப்பாவைச் சேர்த்துவிட்டு விமானம் ஏறினான்.

ஞாயிறுதோறும் வீடியோ கால் உண்டு. அன்றைக்கு மட்டும் சடையப்பனுக்கு முகச்சவரம், வெளுத்த சட்டை. மேனேஜர் ஸ்ரீகாந்த் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். சடையப்பன் நல்லா கீறேன் என்பார். வேறென்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மற்ற நாட்களில் சோற்றுத் தட்டைக் கட்டிலின் வலப்பக்கம் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இடது கை அங்கே எட்டாது. பிறகு வந்து, பெரியவர் இன்றைக்கும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சலித்துக்கொண்டு தட்டை எடுத்துப்போவார்கள். காலையில் மாற்றிய டயபர் பொழுது சாயும்வரை அப்படியே இருக்கும். மலர்க்கொடி வேலைக்கு வரும் நாளில் மட்டும் கதை வேறு. சோற்றில் ரசம் விட்டுக் குழைத்து ஊட்டுவாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைப்பாள். கணுக்காலுக்குக் கீழே துணிச்சுருள் கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்வாள். ஆனால் கூடம் முழுக்கக் கட்டில்கள். அவள் ஒருத்தி எத்தனை பேரைப் பார்ப்பாள்?

லீவில் வந்த தமிழ்வாணன் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மதியம் நேராக உள்ளே நுழைந்தான். எட்டாத பக்கத்தில் சோறு காய்ந்துகிடந்தது. போர்வையை விலக்கினான். குதிகாலில் படுக்கைப்புண், நடுவில் கறுத்திருந்தது. வீடியோ காலில் இதுவரை அவன் பார்த்தது முகத்தை மட்டும்தான். டாக்டரை வரவழைத்துக் கட்டுப்போடச் சொன்னான், ஸ்ரீகாந்திடம் சத்தம் போட்டான். வேறு இடம் பார்ப்பதற்குள் லீவு தீர்ந்துவிட்டது. திரும்பிப் போகும் வழியில், விமான நிலையத்தில் உட்கார்ந்து, போனில் இல்லத்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதினான்.

“கவனிப்பு போதாது. புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லாமல் அப்பாவுக்குப் புண் வந்திருக்கிறது, எங்களுக்குச் சொல்லவே இல்லை. சாப்பாடு மோசமில்லை, ஆனால் ஊட்ட யாரும் இல்லை. வீடியோ காலில் அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும். மலர்க்கொடி என்ற பணியாளர் ஒருவர்தான் மனிதராக நடத்துகிறார்.”

நல்லவளைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதுதான் நியாயம் என்று நினைத்தான்.

அதற்குக் கீழே இல்லத்தின் பதில் வந்தது: ஆண்டுக்கணக்கில் எட்டிப்பார்க்காத மகனுக்கு எங்கள் உழைப்பு எப்படித் தெரியும்? அடுத்தடுத்து ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் குவிந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மலர்க்கொடிதான் உள்விஷயத்தைச் சொல்லிக்கொடுத்தாள் என்று அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவள் கூடத்துக்குள் வரவில்லை. சடையப்பன் ஜன்னல் வழியாக அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் போவதைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீகாந்த் கட்டில் ஓரம் உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினார். மகன் பெயரைப் போட்டதால்தான் மலர்க்கொடியை அனுப்ப வேண்டியதாயிற்று; அவனிடம் சொல்லி எழுதியதை எடுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சடையப்பன் தலையாட்டினார். மகன் முகம் திரையில் வந்தது.

“தமிழு, அந்தப் பொண்ண வேலய வுட்டுத் துரத்திட்டாங்கோ. நீ பேரு போட்டதால.”

ஸ்ரீகாந்த் போனைத் துண்டித்துவிட்டார்.

அதற்குப் பிறகு தமிழ்வாணன் எப்போது கூப்பிட்டாலும் அப்பா தூங்குகிறார் என்றார்கள். நெட்வொர்க் இல்லை என்றார்கள். கட்டு மாற்ற யாரும் வரவில்லை. முகச்சவரமும் நின்றுபோயிற்று. சடையப்பனுக்குக் காய்ச்சல் ஏறி, பிதற்ற ஆரம்பித்தபோதுதான் இல்லத்திலிருந்தே போன் போயிற்று, வந்து அழைத்துப்போங்கள் என்று. தமிழ்வாணன் ஓடிவந்தான். புண் எலும்புவரை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தமிழ்வாணன் விமர்சனத்தில் நடந்ததையெல்லாம் சேர்த்தான், மலர்க்கொடி பெயரை நீக்கினான். அவள் எண்ணை விசாரித்து மன்னிப்புக் கேட்கப் பேசினான். ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். இனி தன்னைப் பற்றி எங்கேயும் எழுத வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

இப்போது சடையப்பன் இருப்பது ராஜகுளத்துப் பக்கம் வேறோர் இல்லத்தில். சேர்ப்பதற்கு முன் தமிழ்வாணன் சாப்பாட்டு வேளையில் சொல்லாமல் போய்ப் பார்த்தான், எத்தனை பேருக்கு ஓர் ஆள் என்று கேட்டான், எந்த நாளும் அப்பாவோடு பேச விடுவார்களா என்று கேட்டான். பஹ்ரைனுக்குத் திரும்பியதும் போன் செய்தான்.

“நைனா, யாராச்சும் நல்லா பாத்துக்கிறாங்களா?”

“ஒரு அம்மா கீது. நல்லாத்தான் பாக்குது.”

“பேரு இன்னா?”

சடையப்பன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“பேரு வோணாம்பா.”