பத்து ஒற்றைப்படை ஆன செய்முறைத் தேர்வு

தன் நிரலைச் சோதித்துப் பார்த்தவள் தோற்று, சோதிக்காதவர்கள் தேறுவார்கள் என்றால், நாங்கள் எதற்காகத் தேர்வு நடத்துகிறோம்? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துவந்த எனக்கு, முதலாண்டின் சி மொழிச் செய்முறைத் தேர்வன்று எழுந்த கேள்வி இது.

அன்றைய நிரல் எளியது. ஓர் எண்ணை வாங்கி, அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்ல வேண்டும். எண்ணை இரண்டால் வகுத்த மீதியை r என்ற மாறியில் வைத்து, if (r == 0) என்று ஒப்பிட வேண்டும். நாங்கள் நகலெடுத்துக் கொடுத்த கையேட்டிலோ if (r = 0) என்று ஒரே சமக்குறி இருந்தது. அது ஒப்பிடாது, r-க்குள் பூஜ்யத்தைப் போட்டுவிடும். சி மொழியில் பூஜ்யம் என்றால் பொய். ஆகவே எந்த எண்ணைக் கொடுத்தாலும், 'இல்லையென்றால்' என்னும் else பகுதியே ஓடும். விடை எப்போதும் ஒற்றைப்படைதான். கையேட்டின் மாதிரி எண் ஏழு. அதையும் சேர்த்து மனப்பாடம் செய்திருந்த வகுப்பு ஏழையே தட்டி, முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தது.

மம்சாபுரத்து மாணவி ஒருத்தி மட்டும் பத்தைத் தட்டினாள்.

ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் சிரித்தார். "ஏம்மா, பத்து ஒத்தப்படையா? உங்க ஊர்ல இப்படித்தான் எண்ணுவாவளோ?"

"ஏழுக்குச் சரியா வருது சார்."

"பொறவு எதுக்குப் பத்தப் போட்ட?"

"ரெட்டைப்படைக்கும் வருதான்னு பாக்க வேண்டாமா சார்?"

அவர் அவளைத் தோல்வி என்று குறித்தார். அரியர் விழுந்தால் வேலைக்கான வளாகத் தேர்வில் அவளை உட்காரவே விடமாட்டார்கள். நான் பக்கத்துக் கணினியில், முழு மதிப்பெண் பெற்ற ஒரு பையனின் நிரலில், பத்தைத் தட்டினேன். அதுவும் ஒற்றைப்படை என்றது.

"இந்தப் பையனுக்கு மட்டும் எப்படி சார் முழு மார்க்?"

"அவன் காமிச்ச அவுட்புட் சரி மேடம். நான் பாத்ததுக்குத்தான மார்க்!"

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மீதே. 'இந்த இடத்தில் மாறிக்குள் மதிப்பைப் போடுவது தவறாக இருக்கலாம்' என்று, நிரலைக் கணினிக்கு மொழிபெயர்த்துத் தரும் கம்பைலர் ஒவ்வொரு முறையும் எச்சரித்திருந்தது. "எரர் சைபரா? அப்ப ஓட்டு, வார்னிங்கக் கண்டுக்காத" என்று பிள்ளைகளைப் பழக்கியதே நாங்கள்தான். அத்தனை நோட்டுகளிலும் அந்த வரியின் கீழே சிவப்பு மையில் இருந்தது என் கையெழுத்து.

மதிப்பெண் பட்டியலில் உள்தேர்வாளராக நான் ஒப்பமிட மறுத்தேன். "தப்பு கையேட்டுல இருக்கு சார். எல்லாருக்கும் ஒரே மார்க், இல்லன்னா எல்லாருக்கும் மறுபடியும் ஒரு வாய்ப்பு." வெகுநேரம் முணுமுணுத்த பிறகு, அவர் எல்லாரையும் நிரலைத் திருத்தி ஓட்டச் சொன்னார். அவள் இன்னொரு சமக்குறியைச் சேர்த்தாள். பத்து, இரட்டைப்படை என்று வந்தது. தேறினாள்.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் கம்பைலரின் எச்சரிக்கையைப் படித்து, குறைந்தது இரண்டு வகை எண்களால் சோதிக்காத எந்த நிரலிலும் நான் கையெழுத்திடுவதில்லை.