ஒன்பது பேரில் நால்வர்

கல்கத்தாவில், கரியாஹாட் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் பாகீரதி குமாஸ்தா. பதவி உயர்வுக்கு உதவும் வங்கித் தேர்வில், சட்டத் தாளில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தாள். தனியாகப் படித்து இனித் தேற முடியாது என்று பட்டது. 1974-இல், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் சாப்பாட்டு அறையில் சேர்ந்து படிக்கலாம் என்று சொன்னாள். அவளோடு சேர்த்து ஒன்பது பேர் ஆனார்கள்.

வந்தவர்கள் மோகன் பகான் கால்பந்து ஆட்டத்தைப் பேசினார்கள், மாற்றல் உத்தரவுகளைப் பேசினார்கள். தெரிந்த இருவர் விளக்க, மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒரு சனிக்கிழமை பாகீரதி கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தாள்: இரண்டு மணி நேரத்தில் பாடம் நடந்தது இருபத்தைந்து நிமிடம்.

பாடத்தைப் படித்துவிட்டு வருகிறவர்கள் மட்டும் போதும் என்று முடிவு செய்தாள். வயதில் மூத்த வங்காளி சுபோத்தா, வீரராகவன், மஹாதேவன், அவள் என நால்வர் மிஞ்சினார்கள். மற்றவர்களில் நான்கு பேர் நிம்மதியாகவே விலகிக்கொண்டார்கள். எஞ்சியவள், பக்கத்துக் கவுண்டரில் வேலை பார்த்த ராஜம்; அவளிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

"என்னை வேண்டாங்கறியா?" என்றாள் ராஜம்.

"மூணு வாரமா நீ புஸ்தகத்தையே திறக்கலையே, ராஜம்."

ராஜம் லெட்ஜரை மூடினாள். பிறகு சொன்னாள்: "ஹவுரால ஃபாக்டரி மூடினதுலேர்ந்து அவர் ஆத்துல வாயே திறக்கறதில்லை. வாரத்துல ஒரு நாள் நான் மனுஷாளோட பேசறது அங்கதான்."

பாகீரதி மனம் மாறவில்லை.

அதன்பின் குழு ஒழுங்காக நடந்தது. ஒருவர் கேள்விகள் எழுதி வருவார், ஒருவர் விளக்குவார், ஒருவர் குறிப்பெடுப்பார், ஒருவர் நேரம் பார்த்துப் பேச்சு திசைமாறினால் நிறுத்துவார். வாரம் ஒருமுறை வேலை கைமாறும். முதல் அரைமணி பேச்சில்லாமல் விடை எழுதுவார்கள். பிறகு ஒருவர் தாளை மற்றவர் திருத்துவார். கணக்கில்தான் வரவு வைக்க வேண்டிய கிராஸ் செய்த செக்கைக் கவுண்டரில் ரொக்கமாகக் கொடுத்தால் பொறுப்பு யாருடையது என்பதை மஹாதேவனுக்கு விளக்கப்போய்த்தான், தனக்கே அது பாதிதான் புரிந்திருந்தது என்று பாகீரதிக்குத் தெரிந்தது. ஊர்க்கதையெல்லாம் கடைசியில், டீயோடு.

ஒருநாள் டீ குடிக்கும்போது சுபோத்தா சொன்னார், ராஜத்திடம் கடிகாரத்தைக் கொடுத்திருக்கலாம் என்று. அடுத்தவர் பேச்சை நிறுத்துகிற வேலை வந்தால் தன் பேச்சும் குறையும், ஐந்து பேர் ஒன்றும் அதிகமில்லை என்றார். பாகீரதிக்குச் சுருக்கென்றது. வேலை பிரிக்கும் யோசனையே, ஆளை அனுப்பிய பிறகுதானே அவளுக்கு வந்தது.

திங்கட்கிழமை போய்க் கூப்பிட்டாள். ராஜம் லெட்ஜரிலிருந்து தலை நிமிரவில்லை. "பாவம் பார்த்துக் கூப்பிடாதே, பாகீரதி. நானே படிச்சுக்கறேன்."

நால்வரில் வீரராகவன் தவிர மூவர் தேர்வில் தேறினார்கள். தனியாக எழுதிய ராஜம் அதே சட்டத் தாளில் தோற்றாள். முடிவு வந்த அன்று பாகீரதி டாக்குரியா ஸ்டேஷனில் இரண்டு ரயில்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். தேறிய சந்தோஷத்தை வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த வருஷம் ராஜம் ஹவுரா கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பாகீரதி தன் குறிப்பு நோட்டுகளை ஆள் மூலம் அனுப்பினாள். அவை திரும்பி வரவில்லை; பதிலும் வரவில்லை.