ஒரே வரியில் என் பெயர்

கே.கே. நகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு அது இரண்டாம் ஆண்டு. ஒரு மருத்துவமனைக்கான மென்பொருளை நாங்கள் பார்த்துக்கொண்டோம். மறுநாள் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நோயாளிகளின் பட்டியலை அது தினமும் எடுத்து, அவர்கள் எண்ணுக்கு நினைவூட்டல் அனுப்பும்.

ஒரு நாள் மருத்துவமனை மேலாளர் நேரில் வந்துவிட்டார். இறந்துபோன ஒருவரின் எண்ணுக்கு, "நாளை காலை பத்து மணிக்கு வரவும்" என்று செய்தி போயிருக்கிறது. இறந்தவரின் போன் அப்போது மகன் கையில். முதலாளி எங்கள் குழுவின் சீனியரைக் கூப்பிட்டார். எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் மாற்றப் பதிவேட்டைச் சீனியர் கணினியில் திறந்து காட்டினார்.

"பட்டியல் எடுக்குற குவெரி இதாண்ணே. கடைசியா கை வச்சது யாருன்னு பாருங்க."

தரவுத்தளத்திலிருந்து பட்டியலை எடுக்கும் கட்டளையான அந்த குவெரி முழுவதும் ஒரே வரி. திரையின் வலது ஓரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு நேராக என் பெயர்.

"நான் டாக்டர் பேரு வர்றதுக்கு ஒரு காலம் மட்டுந்தாண்ணே சேத்தேன்" என்றேன். காலம் (column) என்றால் பட்டியலில் ஒரு பத்தி.

"எம்புட்டுப் பெரிய தப்புன்னு தெரியுதாம்மா?" என்றார் முதலாளி. சீனியர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அந்த வீட்டுக்கு அந்தப் பிள்ளையே போன் போட்டு மன்னிப்புக் கேக்கட்டும்ணே" என்றார்.

எல்லோரும் பார்க்க நின்றபடி பேசினேன். "அப்பாவ எரிச்சு பதினோரு நாளாச்சும்மா" என்றார் அந்த மகன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். போனை வைத்தபோது சீனியர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவரை விடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. அந்த நீண்ட வரியை நகலெடுத்து உடைத்தேன். கட்டளையின் செலக்ட் என்ற சொல் ஒரு வரி, அதற்குக் கீழே ஒவ்வொரு காலமும் உள்ளே தள்ளி ஒரு வரி. ஃப்ரம் ஒரு வரி, ஜாயின் ஒரு வரி. யார் யாரை எடுக்க வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

WHERE p.deceased = 0
      AND a.status = 'BOOKED'
      AND a.visit_date = :tomorrow
   OR a.status = 'RESCHEDULED'
      AND a.visit_date = :tomorrow

அடைப்புக்குறி இல்லாத இடத்தில் ஆண்ட் (AND) இணைப்பவை முதலில் சேரும், ஆர் (OR) இணைப்பவை பிறகுதான். இறந்தவரை விலக்கும் நிபந்தனை ஆருக்கு மேலே இருப்பவர்களோடு நின்றுவிட்டது. தேதி மாற்றிக்கொண்ட நோயாளி இறந்திருந்தாலும் கீழ்ப்பாதி வழியாகப் பட்டியலுக்குள் வந்துவிடுவார்.

அந்த ஆரை நான் எழுதவில்லை. பதிவேடு வரி வரியாகத்தான் கணக்கு வைக்கும். ஒரே வரியில் ஒரு சொல்லை நான் சேர்த்ததால் முழு வரியும் என் பெயருக்கு மாறியிருந்தது. அதனால் பழைய பதிப்புகளையும் எடுத்து அதே மாதிரி உடைத்தேன். இடைவெளியும் வரிப்பிரிவும் தவிர எதையும் தொடவில்லை. சோதனைத் தரவில் ஓட்டி, உடைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே பட்டியல்தான் வருகிறது என்றும் உறுதி செய்துகொண்டேன். பிறகு பதிப்புகளை அருகருகே வைத்தேன். என் மாற்றம் ஒரே ஒரு வரி, டாக்டர் பெயர். அதற்கு முந்தைய மாற்றத்தில்தான் கடைசி இரண்டு வரிகளும் வந்திருந்தன. அது சீனியருடையது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் மருத்துவமனை மேலாளர் மறுபடி வரும் கூட்டம்வரை வைத்திருந்தேன். சுவர்த் திரையில் இரண்டு பதிப்புகளையும் காட்டி, "அந்த ஆர் வரி யாரு மாத்துனதுல வந்துச்சுன்னு நீங்களே வாசிங்கண்ணே" என்று சீனியரிடம் சொன்னேன்.

அவர் வாசிக்கவில்லை. "இது சின்ன விசயம், ரெண்டு அடைப்புக்குறி போட்டா முடிஞ்சுச்சு" என்றார்.

"அதெல்லாம் போட்டுட்டேன். நீங்க வாசிங்க."

முதலாளியும் அவரையே பார்த்தார். சீனியர் தன் பெயரைத் தானே வாசித்தார். குரல் இறங்கியிருந்தது. எனக்கு அது போதவில்லை.

"அந்த வீட்டுக்கு இப்ப அண்ணன் போன் பண்ணட்டும். இங்கனயே, எல்லாரும் இருக்கும்போதே."

பண்ணினார், நின்றபடியே. ஸ்பீக்கரில் போடச் சொன்னது நான்தான். அந்த மகன் முழுவதும் கேட்டுவிட்டு, "எத்தன தடவைய்யா எங்கப்பா செத்தத எனக்கு ஞாபகப்படுத்துவீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று அப்போதே தெரிந்தது. அந்த மனிதரை இரண்டாவது முறை இழுத்தது நான். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

சீனியரைப் பற்றி அப்படி ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த வாரமே, ஒரு வரிக்கு ஒரு பகுதி என்று உடைத்து எழுதாத எந்தக் குவெரியும் உள்ளே வரக் கூடாது என்று முதலாளி விதி போட்டார். சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. சீனியரின் குவெரிகளை, ஒரு ஆண்ட் இடம் தள்ளி நின்றால்கூட, திருப்பி அனுப்பினேன். மூன்று மாதத்தில் அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். கடைசி நாளில் எல்லோருக்கும் கை கொடுத்தார். என் மேசைக்கு வரவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.